வணிகரின் வாழ்த்தும் வாய்மையும்

பெருநாள் வாழ்த்துக் கூறுதல் இந்நாட்டில் எந்தச் சமூகத்தாருக்கும் புதியதன்று. ஆயின் வாழ்த்துக் கூறுபவர் வணிகராகவும், அதனைப் பெறுபவர் அவருடைய வாடிக்கையாளராகவும் இருக்குமிடத்து, அவ்வாழ்த்து உள்ளத்திலிருந்து எழுந்ததா அன்றி ஆதாயக் கணக்கிலிருந்து எழுந்ததா என்ற ஐயம் பிறக்கின்றது. எவரோ அனுப்பிய வாழ்த்துப் படமொன்றைக் கைத்தொலைபேசியில் அப்படியே நூறு பேருக்குத் தள்ளிவிடும் பழக்கம் பரவிய பின்னர் இவ்வையம் மேலும் வலுப்பெற்றுள்ளது. பல சமயத்தாரோடு கொடுக்கல் வாங்கல் நடத்தும் ஒருவரின் வாழ்த்து வாய்மையுடையதாக இருத்தல் கூடுமா, கூடுமெனின் அதனை அவ்வாறு ஆக்குவது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குத் தம்புள்ளையை விடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருந்தெருவும் குருநாகலிலிருந்து திருகோணமலை செல்லும் பெருந்தெருவும் இவ்வூரிலேயே சந்திக்கின்றன. 1999ஆம் ஆண்டு இங்கு பொருளாதார நிலையம் தொடங்கப்பெற்றது முதல், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மரக்கறி ஏற்றிய லொறிகள் இரவு பகலாக வந்து செல்கின்றன. விற்பவர் ஒரு மொழியினராகவும், வாங்குபவர் வேறொரு மொழியினராகவும், இருவருக்குமிடையே நிற்கும் தரகு வியாபாரி மற்றொரு சமயத்தினராகவும் இருப்பது இங்கு அன்றாட நிகழ்ச்சியாகும்.

இத்தகைய நிலையத்தில் கடை நடத்தும் சைவத் தமிழர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்துகொள்ளலாம். கலேவெலைப் பகுதியைச் சேர்ந்த பௌத்தக் கமக்காரர் ஒருவர் அவருக்குப் பூசணியும் கத்தரியும் கொண்டுவந்து தருகின்றார். கெக்கிராவையிலுள்ள முஸ்லிம் கடைக்காரர் ஒருவரும், மாத்தளையிலுள்ள சைவக் கடைக்காரர் ஒருவரும், நீர்கொழும்பிலுள்ள கத்தோலிக்க வியாபாரி ஒருவரும் அவரிடம் சரக்கு எடுக்கின்றனர். நால்வரும் அவருடைய தொலைபேசியில் ஒரே பட்டியலில் இருக்கின்றனர். பெருநாள் வந்ததும் அவர் தமக்கு வந்த படங்களுள் அழகிய ஒன்றைத் தெரிந்து அப்பட்டியல் முழுவதற்கும் அனுப்பிவிடுகின்றார். இதில் தீய எண்ணம் எதுவுமில்லை. உண்மையில் எந்த எண்ணமுமே இல்லை என்பதுதான் குறை.

இக்குறையின் தன்மையைச் சற்று நுணுகி நோக்குதல் வேண்டும். அச்சிட்ட வாழ்த்தை அனுப்புவதே பொய்ம்மை என்று கொள்ளுதல் பொருந்தாது. இங்கிலாந்தில் ஹென்றி கோல் என்பவர் 1843ஆம் ஆண்டு நத்தாருக்கென அச்சிடுவித்த அட்டையே வணிக முறையில் வெளியான முதலாவது நத்தார் வாழ்த்து அட்டையாகக் கருதப்படுகின்றது. ஏறத்தாழ ஆயிரம் படிகள் அச்சான அவ்வட்டையிலும், யாருக்கு அனுப்பப்படுகின்றது என்பதற்கும் யார் அனுப்புகின்றார் என்பதற்கும் இடம் விடப்பட்டிருந்தது. படமும் வாசகமும் பொதுவாயினும், அனுப்புவோர் பேனா எடுத்து இரண்டு பெயர்களை எழுதியே ஆகவேண்டும். அவ்வாறு எழுதும் சில விநாடிகளிலேனும் பெறுபவரின் முகம் அவர் நினைவில் தோன்றியிருத்தல் கூடும்.

தள்ளிவிடப்படும் படத்தில் இல்லாமற் போனவை அவ்விரு பெயர்களேயாம். அதை முதலில் எழுதியவர் யாரென்று அனுப்புபவருக்குத் தெரியாது. யாருக்காக எழுதப்பட்டதென்று பெறுபவருக்கும் தெரியாது. வாட்ஸ்அப் நிறுவனம் 2018ஆம் ஆண்டு முதல் இத்தகைய செய்திகளின் தலையில் Forwarded என்ற அடையாளத்தை இட்டு வருகின்றது. பல கைகள் மாறி வந்ததாயின், அடுத்த ஆண்டில் புகுத்தப்பட்ட இரட்டை அம்புக்குறியும் சேர்ந்துகொள்கின்றது. ஆகவே கெக்கிராவைக் கடைக்காரர் தமக்கு வந்த பெருநாள் வாழ்த்தைத் திறக்கும்போது, வாழ்த்தைப் படிப்பதற்கு முன்னரே, இது தமக்கென எழுதப்பட்டதன்று என்னும் செய்தியைப் படித்துவிடுகின்றார்.

இனி, பெயர் இட்டுவிட்டால் மட்டும் வாழ்த்து வாய்மை பெற்றுவிடுமா என்ற வினா எழும். இவ்விடத்து மெய்யியலாளர் ஜோன் சேர்ல் 1969ஆம் ஆண்டு வெளியிட்ட பேச்சுச் செயல்கள் பற்றிய நூலில் காட்டும் ஒரு வேறுபாடு துணைபுரிகின்றது. ஒருவரைக் கண்டவுடன் முகமன் கூறுவதற்கு உள்ளத்து உணர்ச்சி எதுவும் நிபந்தனையன்று என்பது அவர் கருத்து. விருப்பமில்லாத ஒருவருக்கு வணக்கம் சொன்னவரைப் பொய்யர் என எவரும் கூறுவதில்லை. எதிரில் நிற்பவரை மரியாதையுடன் ஏற்றுக்கொண்டதே வணக்கத்தின் பொருள். பாராட்டு அத்தகையதன்று. ஒருவருக்குக் கிடைத்த நன்மையைக் குறித்து மகிழ்ந்தாலன்றி அவரைப் பாராட்டுதல் வாய்மையாகாது.

பெருநாள் வாழ்த்து இவ்விரண்டிற்கும் நடுவே நிற்கின்றது எனலாம். வழக்கத்தால் அது வணக்கத்தைப் போன்றது. பொருளால் பாராட்டைப் போன்றது. “உங்கள் பெருநாள் மகிழ்ச்சியாக அமையட்டும்” என்பது ஒரு விருப்பத்தைத் தெரிவிக்கும் வாக்கியம். அவ்விருப்பம் மெய்யானதாயின், எந்தப் பெருநாள், எந்த நாள், அவ்வீட்டில் அது மகிழ்ச்சிக்குரியதுதானா என்பனவற்றை அறியும் நாட்டமும் உடன் இருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்றையும் அறிய முற்படாதவர், மகிழ்ச்சியை விரும்புவதாகக் கூறுவது வெறும் வணக்கமாகவே எஞ்சும். அது குற்றமன்று, எனினும் தான் அல்லாத ஒன்றாகத் தன்னைக் காட்டிக்கொள்கின்றது.

வணிகரின் வாழ்த்துக்கு இதனினும் கடுமையான தடையொன்று உண்டு. இமானுவேல் கான்ற் தமது 1785ஆம் ஆண்டு ஒழுக்கவியல் நூலில் ஒரு கடைக்காரரை எடுத்துக்காட்டுகின்றார். அவர் அனுபவமற்றவர்களிடமும் கூடுதல் விலை கேட்பதில்லை. சிறு பிள்ளையும் ஏனையோரைப் போலவே அவரிடம் பொருள் வாங்கலாம். ஆயினும் தமது வியாபாரம் நிலைக்கவேண்டும் என்பதற்காகவே அவர் அவ்வாறு நடப்பாராயின், அச்செயல் கடமைக்கு இசைந்ததேயன்றிக் கடமையுணர்விலிருந்து பிறந்ததன்று என்பது கான்ற்றின் தீர்ப்பு. இதே அளவுகோலைத் தம்புள்ளை வியாபாரியின் வாழ்த்துக்கும் இட்டுப் பார்த்தால், வாடிக்கையாளர் தம்மை மறவாதிருக்கவேண்டும் என்பதற்காக அனுப்பப்படும் எந்த வாழ்த்தும் ஒழுக்க மதிப்பற்றதாகிவிடும்.

ஆயின் வணிக உறவும் மனித உறவே என்பதை இவ்விடத்தில் மறத்தலாகாது. பத்து ஆண்டுகளாக ஒருவரிடமே சரக்கெடுக்கும் கடைக்காரரும் சரக்குக் கொடுப்பவரும் ஒருவர் வீட்டு நன்மை தீமைகளை மற்றவர் அறிந்தவராகின்றனர். அவர்களுக்கிடையே ஆதாயம் இது, அன்பு இது என்று கோடு கிழித்துப் பிரித்தல் இயலாது. எனவே ஆதாய எண்ணம் கலந்திருக்கின்றதா என்று கேட்பது பயனற்ற வினா. அது என்றும் கலந்தேயிருக்கும். கேட்கத்தக்க வினா வேறொன்று. ஆதாயமும் நல்லெண்ணமும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும் இடத்தில் அவ்வியாபாரி எதைத் தெரிகின்றார்? சென்ற ஆண்டு வேறு கடைக்கு மாறிவிட்ட வாடிக்கையாளரின் பெயர் வாழ்த்துப் பட்டியலில் இன்னும் இருக்கின்றதா? வாழ்த்தின் அடியில் அன்றைய விலைப்பட்டியல் ஒட்டிக்கொண்டிருக்கின்றதா? இவ்வினாக்களுக்கு விடை வெளிப்படையாகக் காணக்கூடியது. உள்ளத்தைத் தோண்டிப் பார்க்கவேண்டியதில்லை.

இவ்வடிப்படையில், தள்ளிவிடப்பட்ட ஒரு வாழ்த்தை மெய்யான வாழ்த்தாக மாற்றும் முறையைக் கெக்கிராவைக் கடைக்காரரைக் கொண்டே விளக்குதல் தகும். வழக்கமாக அவருக்குச் செல்வது பிறையும் பள்ளிவாசலும் பொறித்த படமொன்று. “அனைத்து உறவுகளுக்கும் இனிய ரமழான் வாழ்த்துகள்” என்பது அதன் வாசகம். அது நோன்பு மாதத்தின் தொடக்கத்தில் வந்தால் நோன்பைக் குறிக்கின்றதா, பெருநாளைக் குறிக்கின்றதா என்பது தெளிவில்லை. ரமழான் என்பது மாதத்தின் பெயர். நோன்புப் பெருநாள் அடுத்த மாதமாகிய ஷவ்வாலின் முதல் நாளிலேயே வருகின்றது. அந்நாளும் நாட்காட்டியில் முன்கூட்டி முடிவாவதன்று. இருபத்தொன்பதாம் நோன்பின் மாலையில் பிறை தென்பட்டதா என்பது ஆராயப்பட்டுக் கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலிருந்து அறிவிக்கப்படும். பிறை தென்படவில்லையாயின் முப்பதாவது நோன்பும் நோற்கப்படும். நாட்காட்டியைப் பார்த்து முதல்நாளே ஆயத்தம் செய்து வைக்கப்பட்ட வாழ்த்து, அவர் இன்னும் நோன்போடு இருக்கும் காலையில் வந்து சேர்வது இவ்வாறுதான். பிறை அறிவிப்புக்காகக் காத்திருந்து அனுப்புவதே முதலாவது மரியாதையாகும்.

அடுத்தது வாசகம். “மதிப்புக்குரிய ஹாஜியார் அவர்கட்கு, ஒரு மாத நோன்பை நிறைவுசெய்து பெருநாள் கொண்டாடும் உங்களுக்கும் வீட்டாருக்கும் எங்கள் நல்வாழ்த்துகள். நோன்புக் காலத்திலும் சஹருக்கு முன்னெழுந்து எங்கள் லொறிக்காகக் கடை திறந்து நின்றீர்கள், அதை மறவோம். பெருநாள் ஓய்வு முடிந்து நீங்கள் கடை திறக்கும்போது பேசிக்கொள்வோம்” என்று எழுதித் தம் பெயரையும் இட்டால் அதுவே போதியது. இதில் அணிநயம் ஒன்றுமில்லை. வழக்கமாக அழைக்கும் முறையிலேயே அவர் அழைக்கப்படுகின்றார். அவர் ஒருவருக்கே பொருந்தும் செய்தியொன்று இடம்பெறுகின்றது. வியாபாரம் குறிப்பிடப்படுகின்றது, ஆனால் கேட்பதற்காக அன்று, கேளாமல் விடுவதற்காக. இவ்வாழ்த்தைப் பெயர் மாற்றி வேறொருவருக்கு அனுப்ப முடியாது என்பதே அதன் வாய்மைக்கு எளிய சான்று.

இங்கு இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வாழ்த்துபவர் சைவர், தாம் நம்பாத கொள்கையை நம்புவதாக அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. நோன்பின் சமயப் பயனைப் பற்றிப் பேசாமல், நோன்பிருந்தவரின் உழைப்பையும் மகிழ்ச்சியையும் பற்றியே பேசுகின்றார். பிற சமயத்தாரின் பெருநாளில் வாழ்த்துவது தம் நம்பிக்கைக்கு இசையுமோ என்று தயங்குவோர் எல்லாச் சமயத்திலும் உளர். கொள்கையை வாழ்த்தாது மனிதரை வாழ்த்துதல் அத்தயக்கத்திற்குத் தக்க விடையாகும். பிறர் சமயச் சொற்களை அளவுமீறிக் கடன்வாங்கிப் பேசுவது நெருக்கத்தைக் காட்டுவதாகத் தோன்றினும், சில வேளைகளில் நடிப்பாகவே கேட்கும். அவ்வாறே, வெசாக் நாளில் புத்தர் திருவுருவத்தின் கீழ்க் கடையின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பொறித்து அனுப்புவது, பௌத்தரின் வழிபாட்டுப் பொருளை விளம்பரப் பலகையாக்குவதாகும். நீர்கொழும்பு வியாபாரிக்கு உயிர்த்த ஞாயிறு மகிழ்ச்சி நாள். அதற்கு முன்வரும் பெரிய வெள்ளி துக்க நாள். இரண்டையும் ஒரே படத்தால் வாழ்த்துபவர் அவ்விரண்டையும் அறியாதவர். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, நீர்கொழும்பை அடுத்த கட்டுவப்பிட்டித் தேவாலயத்தில் குண்டு வெடித்த பின்னர், அப்பகுதிக் கத்தோலிக்க வீடுகள் சிலவற்றில் அம்மகிழ்ச்சி நாளே நினைவு நாளுமாகிவிட்டது. அத்தகைய வீட்டுக்குப் பூக்களும் முயல்களும் நிறைந்த படத்தை அனுப்புவதை விட மௌனம் மேலானது.

வாழ்த்தாமை வாழ்த்தாகும் இடம் சைவர் வீட்டிலும் உண்டு. மாத்தளைக் கடைக்காரரின் தாயார் ஆவணியில் இறந்துவிட்டார் எனக் கொள்வோமாயின், அவ்வீட்டில் அவ்வாண்டு தீபாவளி இல்லை. புத்தாடையும் பலகாரமும் இன்றி அமைதியாகக் கழியும் அந்நாளில், தீபச் சுடர்கள் ஆடும் படம் அவர் தொலைபேசியில் இருபது முறை வந்து விழும். அனுப்பியவர்களுள் மரண வீட்டுக்கு வந்துபோனவர்களும் இருப்பர் என்பதே வேதனைக்குரியது. “அம்மா இல்லாத முதல் தீபாவளி, உங்களை நினைத்துக்கொண்டோம்” என்ற ஒரு வரி அந்நாளில் எந்த வாழ்த்தும் தராத ஆறுதலைத் தரும். பட்டியலுக்கு இத்துக்கம் தெரியாது, மனிதருக்கே தெரியும்.

முந்நூறு வாடிக்கையாளர் உடையவர் இவ்வாறு ஒவ்வொருவருக்கும் எழுதுதல் நடவாத காரியம் என்று கூறப்படலாம். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆயின் முந்நூறு பேரும் ஒரே நாளில் ஒரே பெருநாளைக் கொண்டாடுவதில்லை. அவர்களுள் நெருங்கிப் பழகுபவர் முப்பது நாற்பது பேருக்கு மேற்படார். ஏனையோருக்குப் பெயரும் கையொப்பமுமுள்ள சுருக்கமான வணக்கம் போதும். அது வணக்கம் என்றே தன்னைக் காட்டிக்கொள்ளுமாயின் அதில் பொய்ம்மை இல்லை. கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரே அவர் கொண்டாடும் பெருநாள், அவரை அழைக்கும் முறை, அவர் விரும்பிப் படிக்கும் மொழி, அவ்வாண்டு வீட்டில் நேர்ந்த துக்கம் என்பவற்றைக் குறித்துவைத்தல் உதவும். இவற்றைப் பெயரைக் கொண்டு ஊகித்தல் ஆகாது. பெர்னாண்டோ என்ற பெயருடையவர் சிங்களவராகவோ தமிழராகவோ, கத்தோலிக்கராகவோ பௌத்தராகவோ இருக்கலாம். கேட்டறிதலே முறை, கேட்பதும் ஓர் உபசாரமே.

வாழ்த்தின் ஆற்றலை மிகைப்படுத்தலும் ஆகாது. சித்திரைப் புத்தாண்டு கழிந்து ஒரு வாரத்தில், 2012 ஏப்ரல் 20ஆம் திகதி வெள்ளிக்கிழமை, தம்புள்ளைப் பள்ளிவாசலை அகற்றவேண்டுமெனக் கோரிய கூட்டமொன்று அதனுள் புகுந்தது. அன்று அங்கு ஜும்ஆத் தொழுகை நடைபெறவில்லை. பெருநாள் வாழ்த்துகள் அத்தகைய பகையைத் தடுத்துவிடும் என்று கூறுதல் பேதைமை. எனினும் அத்தகைய நாளுக்கு மறுநாள் கடை திறக்கும்போது, பக்கத்துக் கடைக்காரர் தம்மைப் பெயர்சொல்லி விசாரித்தாரா என்பது முஸ்லிம் வியாபாரிக்கு முக்கியமாகும். நல்ல நாளில் பெயர்சொல்லி வாழ்த்திப் பழகாதவருக்குக் கெட்ட நாளில் பெயர்சொல்லி விசாரிக்க நா எழுவதில்லை. வாழ்த்து செய்யக்கூடியது இவ்வளவே, இதுவும் சிறிதன்று.

இறுதியாக, கலேவெலைக் கமக்காரரை நோக்குதல் வேண்டும். வாழ்த்தின் வாய்மைக்கு மிகக் கடுமையான சோதனை அவரிடத்திலேயே நிகழ்கின்றது. சித்திரைப் புத்தாண்டு அவருக்கும் வியாபாரிக்கும் பொதுவான திருநாள். பழைய ஆண்டு கழிந்து புதிய ஆண்டு பிறக்கும் சங்கிரமணத்திற்கு முன்னும் பின்னுமாக அமையும் 12 மணி 48 நிமிட நேரத்தைச் சிங்கள மக்கள் நொனகத எனக் கொண்டு தொழிலை நிறுத்தி வழிபாட்டில் ஈடுபடுவர். அது முடிந்து, குறித்த சுபநேரத்தில் அடுப்பு மூட்டி உணவுண்ட பின்னரே முதலாவது கொடுக்கல் வாங்கல் நிகழும். தமிழர் அதனைக் கைவிசேடம் என்பர். நொனகத வேளையில் சரக்கு விசாரிப்போடு கூடிய வாழ்த்து வருதல் அவருக்கு உவப்பாக இராது என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆயின் காலம் அறிந்து, சிங்களத்தில், அவர் பெயரிட்டு அனுப்பிய வாழ்த்தும் பொய்யாகக்கூடும். பழைய கடன்களைத் தீர்த்துவிட்டுப் புத்தாண்டுக்குள் புகுவது இரு சமூகத்தாருக்கும் பழகிய மரபு. பெரும்போக விளைச்சலைத் தம்புள்ளைக்கு அனுப்பிய அக்கமக்காரருக்குத் தரகு கழித்துக் கொடுக்கவேண்டிய பணம் வியாபாரியின் கையிலேயே தங்கியிருக்கின்றது என்று வைத்துக்கொண்டால், பிள்ளைகளுக்கு உடை வாங்கவும் பலகாரத்திற்கு எண்ணெய் வாங்கவும் அவர் எதிர்பார்த்திருப்பது அப்பணத்தையே. அவ்வீட்டுப் புத்தாண்டு மகிழ்ச்சியாக அமையட்டும் என எழுதும் கையே, அதனை மகிழ்ச்சியாக்கக்கூடிய பணத்தைப் பிடித்துவைத்திருக்கின்றது. இவ்விடத்தில் சொல்லழகோ, படத்தின் அழகோ, மொழியறிவோ உதவாது. பிறர் நன்மையை விரும்புகின்றேன் எனக் கூறுபவர், அந்நன்மை தம் கைக்கு எட்டிய தூரத்தில் இருக்கும்போது அதைச் செய்யாராயின், அவர் அதை விரும்பவில்லை என்பதே பொருள்.

கான்ற்றின் கடைக்காரருக்கும் இதுவே விடையாகலாம். அவர் உள்ளத்தில் இருந்தது கடமையுணர்வோ ஆதாயமோ என்பதைப் புறத்தே நிற்பவர் அறியார். ஆனால் பன்னிரண்டாம் திகதிக்குள் கணக்குத் தீர்ந்ததா என்பதைக் கலேவெலைக் கமக்காரர் அறிவார். கணக்குத் தீர்த்தபின் வரும் வாழ்த்து ஒரே சொல்லாயினும் அவர் அதை நம்புவார். தீர்க்காமல் வரும் வாழ்த்து எத்துணை நீண்டதாயினும், தள்ளிவிடப்பட்ட படத்தோடு சேர்த்தே எண்ணப்படும்.